பள்ளிக் கட்டடத்துக்கு ஒரு பாலிசி போதுமா?

ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து நடத்தும் அறக்கட்டளைப் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். எட்டு வகுப்பறை, ஒரு கணினி அறை. கட்டடத்தை 50 லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு செய்திருக்கிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் கட்டும்போது ஆன செலவு அது. இன்றைய விலையில் அதே கட்டடத்தை எழுப்ப 80 லட்சம் ஆகும்.

மின்கசிவில் இரண்டு அறைகள் எரிந்து, 8 லட்சம் நஷ்டம் என்று வையுங்கள். 50 லட்சத்துக்குப் பாலிசி இருப்பதால் முழுத்தொகையும் வந்துவிடும் என்றுதான் நிர்வாகிகள் நினைப்பார்கள். வராது. எண்பதில் ஐம்பதுக்குத்தான் பிரீமியம் கட்டியிருக்கிறீர்கள் என்று நிறுவனம் கணக்குப் போடும். அந்த விகிதப்படி 5 லட்சம்தான் தரும். மீதி 3 லட்சம் அறக்கட்டளையின் தலையில் விழும்.

மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரை உள்ள இடங்களுக்கு 2021 ஏப்ரல் முதல் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பொதுவான பாலிசி நடைமுறையில் இருக்கிறது. தீயோடு புயல், வெள்ளம் போன்றவையும் இதில் அடங்கும். காப்பீட்டுத் தொகை உண்மை மதிப்பைவிட 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் இந்தக் கழிவு கிடையாது. நம் பள்ளி 68 லட்சத்துக்குச் செய்திருந்தாலே முழு 8 லட்சத்தையும் கேட்டிருக்கலாம். நில விலையைச் சேர்க்க வேண்டாம், நிலம் எரியாது. மறுபடி கட்டும் செலவை ஒரு பொறியாளரிடம் எழுதி வாங்கி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்துங்கள்.

பெஞ்சு, மேசை, பீரோ, கணினி ஆகியவற்றுக்குத் தனித்தொகை குறிப்பிட வேண்டும். அறைவாரியாகப் பட்டியல், பில், படம் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதியைப் பள்ளிக்கு வெளியே வையுங்கள். பள்ளியோடு பதிவேடும் எரிந்துபோனால், எத்தனை பெஞ்சு இருந்தன என்று சர்வேயரிடம் நிரூபிப்பது கடினம். அவர் பார்வையிடும் முன் எரிந்த பொருளை அப்புறப்படுத்தவும் கூடாது. கூரை ஓடா, கான்கிரீட்டா, கீற்றா என்பதை விண்ணப்பத்தில் உள்ளபடியே எழுதுங்கள். மறைத்தால் பணம் கேட்கும்போது சிக்கல் வரும்.

குழந்தைகளின் கதை வேறு. தீ பாலிசி சொத்துக்கு மட்டுமே. மின்விசிறி கழன்று மாணவர் மேல் விழுந்தால் அதிலிருந்து ஒரு ரூபாயும் வராது. அதற்கு இரண்டு பாலிசிகள் வேண்டும். மாணவர் குழு விபத்துக் காப்பீடு, யார்மீது தவறு என்று பார்க்காமல் உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் பணம் தரும். மருத்துவச் செலவைக் கூடுதலாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்; இடையில் சேரும் மாணவர்களின் பெயரையும் உடனே தெரிவிக்க வேண்டும். பள்ளியின் கவனக்குறைவே காரணம் என்று பெற்றோர் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டால் கைகொடுப்பது பொதுப் பொறுப்புக் காப்பீடு.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். எந்தக் காப்பீடும் அதை ஈடுசெய்யாது. அதனால் பாதுகாப்புதான் முதல் வேலை. அதை முடித்த அறக்கட்டளைகள், அடுத்த கூட்டத்திலேயே பாலிசியைப் பிரித்து, எழுதியிருக்கும் தொகையை இன்றைய கட்டுமானச் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.