92 மார்க் வாங்கிய தவறான பதில்

புனேயில் குடியேறி இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. நான் வேலை பார்ப்பது குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கும் ஒரு கம்பெனியின் சர்வீஸ் பிரிவில். வாடிக்கையாளர் புகார்களைக் கேட்கும் வேலையை வெளியே ஒரு கால் சென்டரிடம் ஒப்படைக்கலாம் என்று மேலிடம் தீர்மானித்தபோது, யாரிடம் ஒப்படைப்பது என்று மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நம் சங்க உறுப்பினர்களில் சிறு தொழில் நடத்துபவர்கள் பலர் உண்டு. என் அனுபவம் அவர்களுக்குப் பயன்படலாம்.

மொத்தம் நூறு மதிப்பெண். பேச்சின் தரத்துக்கு 40, விலைக்கு 30, ஆட்களும் மொழிகளும் 20, தகவல் பாதுகாப்பு 10 என்று பிரித்தோம். கடைசியில் இருவர் மிஞ்சினார்கள். முதலாமவர் நிமிடத்துக்கு 6 ரூபாய் கேட்டார். இரண்டாமவர் 8 ரூபாய். விலை குறைந்தவருக்கு முழு 30, மற்றவருக்கு அந்த விகிதத்தில் 22.5. தரத்துக்கு அவரவர் சொந்தப் பரிசோதனை அறிக்கையைக் கொடுத்தார்கள்: 92 சதவீதம், 86 சதவீதம். ஆக இந்த இரண்டு தலைப்பிலும் சேர்த்து முதலாமவருக்கு 66.8, இரண்டாமவருக்கு 56.9. மற்ற தலைப்புகளில் இருவரும் ஏறக்குறைய சமம். அன்றே கையெழுத்துப் போட்டிருப்போம். நாலு வாரம் சோதனை ஓட்டம் வைப்போம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஆளுக்கு ஒரு தனி நம்பர் கொடுத்து, அழைப்புகளைப் பாதிப் பாதியாகப் பிரித்துவிட்டோம்.

வாரம் இருபது அழைப்புகளின் பதிவைக் கேட்பது என்று ஏற்பாடு. எவை என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது. அழைப்புப் பட்டியலில் குறிப்பிட்ட இடைவெளி விட்டு நாங்களே எடுத்தோம். ஒரே பதிவுக்கு அவர்களுடைய பரிசோதகரும் நாங்களும் தனித்தனியாக மார்க் போட்டு ஒப்பிட்டோம். முதலாமவரின் பதிவு ஒன்றில், தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்கிறார் ஒரு அம்மாள். "ஸ்விட்சை அணைத்துப் போடுங்கள், சரியாகிவிடும்" என்கிறான் பையன், தேனொழுகும் குரலில். மெம்பரேன் தேய்ந்திருந்தால்தான் பெரும்பாலும் அப்படிக் கரிக்கும். ஆளனுப்பித் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். ஸ்விட்சால் ஆவது ஒன்றுமில்லை. அந்த அழைப்புக்கு அவர்கள் போட்ட மார்க் 92!

காரணம் அவர்களுடைய படிவத்தில் இருந்தது. வணக்கம் சொன்னால் இத்தனை, பெயர் சொல்லி அழைத்தால் இத்தனை, நன்றி சொன்னால் இத்தனை. சரியான பதிலுக்கு வெறும் எட்டு. ஆகவே புதுப் படிவம் எழுதினோம். பதில் தவறானாலோ, அடையாளம் சரிபார்க்காமல் விவரம் சொன்னாலோ அந்த அழைப்புக்கே பூஜ்யம். மரியாதை எல்லாம் அதற்கு அப்புறம்தான். நடுவில் விதியை மாற்றுவது நியாயமா என்று முதலாமவர் கோபித்துக் கொண்டார். தவறு எங்களுடையதுதான், தொடக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். இருவருக்கும் சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். அவருக்கு 55 சதவீதம், இரண்டாமவருக்கு 80.

இதற்கிடையில் கோவையிலுள்ள என் சித்தியிடம் முதலாமவரின் நம்பரைக் கொடுத்து அழைக்கச் சொன்னேன். தமிழ் உட்பட ஏழு மொழி என்று எழுதிக் கொடுத்திருந்தார்களே! சித்தி சொன்னாள்: "தமிழ் பேசுற பையன் நாளைக்குத்தான் வருவானாம், கண்ணு." ஒரு மொழிக்கு ஒரே ஆளை வைத்திருந்தார்கள். எத்தனை மொழி என்று கேட்டால் போதாது, ஒவ்வொரு ஷிப்டிலும் மொழிக்கு எத்தனை பேர் என்று கேட்க வேண்டும்.

அடுத்து விலை. இருவரிடமும் ஒரு அழைப்பு சராசரி ஐந்து நிமிடம். அதாவது 30 ரூபாய், 40 ரூபாய். ஆனால் அதே நம்பர் ஏழு நாளுக்குள் திரும்ப அழைத்தால் குறை தீரவில்லை என்று கணக்கெடுத்தோம். முதலாமவரிடம் நூற்றுக்கு 60 தீர்ந்தன; இரண்டாமவரிடம் 85. தீர்ந்த குறை ஒன்றுக்குச் செலவு 50 ரூபாயும் 47 ரூபாயும்! மலிவு என்று நினைத்ததே விலை அதிகம். மறுபடி கூட்டினால் முதலாமவருக்கு 50.2, இரண்டாமவருக்கு 62.

ஒப்பந்தத்தில் நிமிடக் கணக்கை எடுத்துவிட்டோம். அது பேச்சை இழுக்கத்தான் தூண்டும். அழைப்புக்கு இவ்வளவு, ஏழு நாளுக்குள் அதே குறைக்கு வரும் மறு அழைப்புக்குப் பணமில்லை. அது அதே குறைதானா என்பதில் சச்சரவு வந்தால் இரு தரப்பும் சேர்ந்து பதிவைக் கேட்க வேண்டும். நூற்றுக்கு எண்பது அழைப்பை 20 விநாடிக்குள் எடுப்பது என்பது இத்தொழிலில் வழக்கமான அளவு. அதை மாதச் சராசரியாக எழுதினால் திங்கட்கிழமை காலை நெரிசல் கணக்கில் மறைந்துவிடும். எனவே நாள்தோறும் கணக்கு. தவறினால் கழிவு, மாத பில்லில் பத்து சதவீதம் வரை. மூன்று மாதம் தொடர்ந்து தவறினால் 90 நாள் நோட்டீஸ் இல்லாமலே விலகலாம். விலகும்போது பதிவுகளும் வாடிக்கையாளர் விவரங்களும் எங்களிடமே திரும்ப வேண்டும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையை வெளியே கொடுத்தாலும் அந்த விவரங்களுக்குப் பொறுப்பு எங்கள் கம்பெனிதான் என்று எங்கள் வக்கீல் இந்த வரியை மட்டும் மூன்று முறை திருத்தினார்.