கிழிந்த நோட்டும் கள்ள நோட்டும்

கிழிந்த நோட்டின் மதிப்பை முடிவு செய்வது, அதில் மிஞ்சியிருக்கும் காகிதத்தின் பரப்பளவு. கள்ள நோட்டுக்கு எந்த நிலையிலும் மதிப்பு கிடையாது. அதை வைத்திருப்பவரைக் காப்பது, அது எங்கிருந்து வந்தது என்பதற்கான சான்று மட்டுமே. ஏடிஎம்மிலிருந்து வந்த 500 ரூபாய் நோட்டு கிழிந்திருந்தால் ஒரு வழி, போலியோ என்று சந்தேகம் வந்தால் முற்றிலும் வேறு வழி.

இந்திய ரிசர்வ் வங்கி பழுதான நோட்டுகளை இரண்டு வகையாகப் பார்க்கிறது. கைமாறிக் கைமாறி அழுக்கேறியதும், இரண்டாகக் கிழிந்து எந்தப் பகுதியும் தொலையாமல் ஒட்டப்பட்டதும் அழுக்கு நோட்டு. இதற்கு அளவெடுப்பு எதுவும் இல்லை, முழு மதிப்பு கிடைக்கும். ஒரு துண்டு காணாமல் போயிருந்தாலோ, இரண்டுக்கும் மேற்பட்ட துண்டுகளாக இருந்தாலோ அது சிதைந்த நோட்டு. 2009இல் வந்து 2018இல் திருத்தப்பட்ட நோட்டு மாற்று விதிகள் இந்த இடத்தில்தான் வேலை செய்கின்றன.

20 ரூபாய் வரையிலான நோட்டுகளுக்குக் கணக்கு எளிது. ஒரே துண்டாகப் பாதிக்கு மேல் இருந்தால் முழுப் பணம், இல்லையென்றால் ஒன்றும் இல்லை. 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளில்தான் பாதி மதிப்பு என்ற நடுநிலை வருகிறது. 500 ரூபாய் நோட்டின் நீளம் 15 சென்டிமீட்டர், அகலம் 6.6 சென்டிமீட்டர், பரப்பு 99 சதுர சென்டிமீட்டர். இருப்பதில் பெரிய ஒற்றைத் துண்டு 80 சதுர சென்டிமீட்டர் இருந்தால் 500 ரூபாயும் கிடைக்கும். 40 சதுர சென்டிமீட்டர் இருந்தால் 250 ரூபாய். அதற்கும் கீழே போனால் நோட்டு நிராகரிக்கப்படும்.

அலமாரியில் எலி கடித்த ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளலாம். ஓரத்தில் இரண்டரை சென்டிமீட்டர் பட்டை முழு அகலத்துக்கும் போய்விட்டால் மிஞ்சுவது 82.5 சதுர சென்டிமீட்டர், முழுப் பணமும் வந்துவிடும். மூன்று சென்டிமீட்டர் போயிருந்தால் மிஞ்சுவது 79.2. அரை சென்டிமீட்டர் வித்தியாசத்தில் கைக்கு வருவது 250 ரூபாயாகிவிடுகிறது. அதனால் கிழிந்த நோட்டின் ஓரத்தை 'ஒழுங்காக' இருக்கட்டும் என்று கத்தரியால் நறுக்கிவிடக் கூடாது. பணம் குறைவதோடு, வேண்டுமென்றே வெட்டப்பட்டது என்று அதிகாரி கருதினால் முழு நோட்டையும் நிராகரிக்க விதி இடம் தருகிறது.

பலருக்கும் தெரியாத ஒரு சலுகையும் இதில் உண்டு. அதே நோட்டு நடுவில் கிழிந்து, இடையில் ஒரு சென்டிமீட்டர் தொலைந்து, ஏழு ஏழு சென்டிமீட்டராக இரண்டு துண்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு துண்டும் 46.2 சதுர சென்டிமீட்டர். ஒரே நோட்டின் இரு துண்டுகளும் தனித்தனியே 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பதால் முழு 500 ரூபாயும் உண்டு. ஒரு துண்டு போதும் என்று மற்றதைத் தூக்கி எறிந்துவிட்டு வங்கிக்குப் போனால் பாதிப் பணம் போய்விடும்.

நோட்டை மாற்ற அந்த வங்கியில் கணக்கு வைத்திருக்க வேண்டியதில்லை. எந்த வங்கிக் கிளையும் எல்லோருக்கும் இந்தச் சேவையைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. சிறுநிதி வங்கிகளும் பேமென்ட்ஸ் வங்கிகளும் மட்டும் விருப்பப்பட்டால் செய்யலாம். ஒரு நாளில் 20 நோட்டு, 5,000 ரூபாய் என்ற வரம்புக்குள் அழுக்கு நோட்டுகளைக் கட்டணமில்லாமல் கவுன்ட்டரிலேயே மாற்றிக்கொள்ளலாம். சிதைந்த நோட்டுகள் ஐந்து வரை இருந்தால் பொதுவாக அங்கேயே தீர்த்துவிடுவார்கள். அந்தக் கிளையால் மதிப்பை முடிவு செய்ய முடியாவிட்டால், ரசீது கொடுத்து நோட்டை வாங்கி, தங்களோடு இணைந்த கரன்சி செஸ்ட் கிளைக்கு அனுப்புவார்கள். ஏடிஎம்மில் வந்த கிழிந்த நோட்டுக்கும் இதே வழிதான். கமிஷன் பிடித்துக்கொண்டு நோட்டு மாற்றித் தருபவர்களிடம் போவது வீண் இழப்பு.

தீயில் கருகியதும், தொட்டால் நொறுங்குவதும், பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டதுமான நோட்டுகளைக் கிளைகள் வாங்குவதில்லை. அவற்றை ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சென்னையில் அது ராஜாஜி சாலையில் இருக்கிறது. அரசியல் முழக்கம் எழுதப்பட்ட நோட்டுக்கு எங்குமே பணம் கிடைக்காது.

கள்ள நோட்டுச் சந்தேகம் வந்தால் அவசரமாகச் செய்ய வேண்டிய வேலை, ஏடிஎம் அறையை விட்டு வெளியேறும் முன்பே இருக்கிறது. நோட்டுகளை அங்கேயே எண்ணிப் பார்ப்பது நல்லது. 500 ரூபாய் நோட்டைச் சாய்த்தால் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாற வேண்டும். முன்புறம் வலப்பக்கத்தில் கீழே உள்ள 500 என்ற எண்ணும் அப்படியே நிறம் மாறும். இரு ஓரங்களிலும் ஐந்து கோடுகள் விரலுக்குத் தட்டுப்படும். வெளிச்சத்தில் பிடித்தால் காந்தி உருவம் நீர்க்குறியாகத் தெரியும். ஓர் அடையாளம் மட்டும் மங்கலாக இருப்பதை வைத்து முடிவு கட்டக் கூடாது, பழைய நோட்டில் கோடுகள் தேய்ந்திருக்கும். வரிசை எண்ணில் நட்சத்திரக் குறி இருந்தால் போலி என்று பரவும் செய்தி தவறு. அச்சில் பழுதான நோட்டுக்கு மாற்றாக அச்சிடப்படுவது அது, செல்லுபடியாகும்.

சந்தேகம் தீரவில்லையென்றால், நோட்டின் இரு பக்கத்தையும் அறையில் உள்ள கண்காணிப்பு கேமராவுக்கு நேரே, எண் தெரியும்படி காட்ட வேண்டும். பிறகு கைபேசியில் நோட்டையும், இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் ஏடிஎம் எண்ணையும் படமெடுக்கலாம். பணம் எடுத்த சீட்டு வராவிட்டால் குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். சீட்டில் நோட்டின் எண் இருக்காது என்பதால், இந்த நோட்டு இந்த இயந்திரத்திலிருந்துதான் வந்தது என்று காட்ட இவைதான் மிஞ்சும். கேமராப் பதிவுகள் நெடுநாள் வைக்கப்படுவதில்லை. அன்றோ மறுநாளோ அந்த ஏடிஎம்மை நடத்தும் வங்கியில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, பதிவைப் பாதுகாக்கும்படியும் கேட்டு, நகலில் முத்திரை பெற வேண்டும். அட்டை வேறு வங்கியுடையதானால் அங்கும் தெரிவிப்பது அவசியம்.

வங்கியில் போலி என்று உறுதியானால், நோட்டில் முத்திரை குத்திப் பறிமுதல் செய்வார்கள். திருப்பித் தரவும் மாட்டார்கள், கவுன்ட்டரில் அதற்குப் பணமும் தர மாட்டார்கள். ஆனால் நோட்டின் எண், மதிப்பு, எதனால் போலி என்று கருதப்பட்டது ஆகியவை அடங்கிய ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். பணத்தைக் கேட்கும் புகாருக்கு அந்தச் சீட்டே அடிப்படை. ஏடிஎம்மில் நிரப்பும் முன் நோட்டுகளைச் சரிபார்ப்பது வங்கியின் கடமை. அதிலிருந்து கள்ள நோட்டு வெளிவந்தால், அதைப் புழக்கத்தில் விடும் முயற்சியாகவே ரிசர்வ் வங்கி கருதுகிறது. ஒரே பரிவர்த்தனையில் நான்கு கள்ள நோட்டு வரை அகப்பட்டால் வங்கி மாதாந்திர அறிக்கையில் காவல்துறைக்குத் தெரிவிக்கும். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் உடனே காவல்துறைக்குப் போகும்.

சந்தேக நோட்டைக் கடையில் தள்ளிவிடுவதுதான் பெரிய ஆபத்து. போலி என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ அதைச் செலவழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 179ஆவது பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். வைத்திருப்பது பற்றிய 180ஆவது பிரிவோ, நோட்டு சட்டப்படியான வழியில் வந்தது என்று நிரூபித்தால் குற்றமில்லை என்கிறது. ஏடிஎம் சீட்டும், முத்திரையிட்ட புகார் நகலும் அந்த நிரூபணத்துக்குக் கைகொடுக்கும்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகார் பதியலாம். முதலில் வங்கியிடம் கொடுத்த புகாரின் நகல் அங்கே கேட்கப்படும்.