பணம் வந்துவிட்டது, பில்லைக் கிழிக்கலாமா?

ஆன்லைனில் அரிசி, எண்ணெய் விற்கும் நம் விவசாயிகள் பலர், கார்டில் பணம் வந்து கணக்கில் ஏறிவிட்டால் விஷயம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. வாங்கியவர் தன் வங்கியில் புகார் கொடுத்து அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இதற்கு ‘சார்ஜ்பேக்’ என்று பெயர். பொருள் வரவில்லை என்ற புகாருக்கு விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு.

எங்கள் குழுவில் ஒரு தங்கச்சிக்கு இது நடந்தது. மாப்பிள்ளைச் சம்பா 10 கிலோ, கடலை எண்ணெய் 2 லிட்டர், பார்சல் செலவு சேர்த்து 1,800 ரூபாய். அனுப்பி இரண்டு மாதம் கழித்து பேமென்ட் கேட்வேயிலிருந்து மெயில் வந்தது: ‘வாடிக்கையாளருக்குப் பொருள் கிடைக்கவில்லை. ஐந்து நாளில் ஆதாரம் அனுப்பவும்.’ அதற்குள் பதில் போகாவிட்டால் பணம் போச்சு.

“அண்ணா, ஓடிபி போட்டுத்தானே பணம் கட்டினாங்க, அது போதாதா?” என்று கேட்டது. போதாது. ‘இந்தப் பணத்தை நான் கட்டவே இல்லை’ என்று புகார் வந்தால்தான் ஓடிபி உதவும். பொருள் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு அது சாட்சி ஆகாது. அதனால் மெயிலில் புகாரின் காரணம் என்ன என்பதை முதலில் படிக்கணும். விசா கார்டில் 13.1 என்றிருந்தால் ‘பொருள் வரவில்லை’ என்று அர்த்தம்.

கூரியர் ரசீதில் 12.3 கிலோ எடை இருந்தது, ஆர்டரோடு ஒத்துப்போனது. டெலிவரி கையெழுத்து மட்டும் அடுக்குமாடி வாட்ச்மேனுடையது. இங்கேதான் சிக்கல். நல்லவேளை, ‘நான் ஊரில் இல்லை, வாட்ச்மேன்கிட்ட கொடுக்கச் சொல்லுங்க’ என்று அந்த அம்மா அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி அழியாமல் இருந்தது. பில், ரசீது, டெலிவரி பக்கத்தின் படம், அந்தச் செய்தி நான்கையும் தேதி வரிசையில் ஒரே பிடிஎஃப் ஆக்கி, மேலே ஐந்து வரி விளக்கம் எழுதி அனுப்பினோம். பணம் தங்கச்சி பக்கமே நின்றது.

ஆகவே ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு உறை அல்லது போனில் ஒரு ஃபோல்டர் போடுங்கள். முகவரியோடு பில், எடை போட்ட கூரியர் ரசீது, வாடிக்கையாளரோடு பேசிய செய்திகள், டெலிவரி ஆன அன்றே எடுத்த டிராக்கிங் பக்கத்தின் படம். அந்தப் பக்கம் கூரியர்காரர் தளத்தில் என்றைக்கும் இருக்காது. ஆறு மாதமாவது வைத்திருங்கள். கார்டு எண்ணை மட்டும் எழுதி வைக்காதீர்கள். 2022 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி அதை அனுமதிப்பதில்லை.

பார்சல் நிஜமாகவே தொலைந்திருந்தால் வாதாட வேண்டாம், புகாரை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் பாவம் பார்த்து ஜிபேயில் தனியாகப் பணம் அனுப்பாதீர்கள். வங்கியும் பிடித்துக்கொள்ளும், ஒரே மூட்டைக்கு இரண்டு தடவை பணம் போகும்.