படம் மட்டும் போதாது: வெடிபொருளைக் கண்டால் கூடவே எழுத வேண்டிய சில வரிகள்

யுத்தம் முடிந்த பின்னர் வன்னியில் கண்ணிவெடி அகற்றும் பிரிவொன்றில் சில ஆண்டுகள் வேலை செய்தேன். வெடி அகற்றுவது என் வேலை அல்ல. ஊர்ச் சனத்தோடு பேசி, அவர்கள் கண்டதைக் கேட்டு, உரியவர்களுக்குச் சொல்வதே என் வேலை. அதனால் என் கைத்தொலைபேசி இலக்கம் பல ஊர்களில் இருந்தது. வட்ஸ்அப் பரவலானதும் படங்கள் வரத் தொடங்கின.

ஒருநாள் பின்னேரம் ஒரு தம்பியிடமிருந்து படமொன்று வந்தது. உலர்ந்த புல்லுக்குள் மண்நிறத்தில் வட்டமாக ஏதோ கிடந்தது. கீழே, "அண்ணை, இது என்னெண்டு பாருங்கோ" என்ற ஒரே வரி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரொபிப் போத்தல் மூடியாகவும் இருக்கலாம், மிதிவெடியாகவும் இருக்கலாம். பக்கத்தில் ஒப்பிட எதுவும் இல்லை. "எவ்வளவு பெரிசு தம்பி? எங்க கிடக்குது?" என்று பதில் போட்டேன்.

அரை மணித்தியாலம் கழித்து இரண்டாவது படம் வந்தது. அதில் அந்தப் பொருளுக்குப் பக்கத்தில் ஒரு செருப்பு இருந்தது. நான் அளவு கேட்டதால் அவன் வீட்டிலிருந்து திரும்பவும் காணிக்குப் போய், கிட்டக் குனிந்து, தன் செருப்பைக் கழற்றி வைத்துப் படம் எடுத்திருக்கிறான். பொருள் செருப்பின் அகலத்தை விடச் சற்றுக் குறைவு. அது பி-4 வகை மிதிவெடி. சப்பாத்துப் பொலிஷ் ரின்னைப் போல, ஏறத்தாழ ஏழு சென்ரிமீற்றர் அகலமான பிளாஸ்டிக் வெடி அது. பின்னர் குழு போய்ப் பார்த்தபோது பழைய மண் அணை ஓரமாக அதே வகை வெடிகள் வரிசையாக இருந்தன. அந்த வரிசைக்குக் கிட்ட அவன் இரண்டு தரம் போய் வந்திருக்கிறான். அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அவனை இரண்டாம் தரம் அங்கே அனுப்பியது என் கேள்விதான்.

அன்றிலிருந்து நான் யாரிடமும் "இன்னொரு படம் எடுங்கோ" என்று கேட்டதில்லை. சொல் இல்லாத படம் வந்தால் பார்ப்பவரின் முதற்பதில் ஒரு கேள்வியாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விக்கு விடை சொல்லப் பொருளைக் கண்டவர் திரும்பவும் அந்த இடத்துக்குப் போவார். நாலு வரி சேர்ந்து வந்தால் முதற்பதிலே என்ன செய்ய வேண்டும் என்ற அறிவுறுத்தலாக இருக்கும். திரும்பப் போக வேண்டிய தேவையே வராது.

படம் சொல்லாத முதலாவது விடயம் அளவு. 60 மில்லிமீற்றர் மோட்டார் ஷெல்லும், 81 மில்லிமீற்றர் ஷெல்லும், 120 மில்லிமீற்றர் ஷெல்லும் படத்தில் ஏறத்தாழ ஒரே வடிவம். பக்கத்தில் எதையும் வைக்கவே கூடாது. "ஒரு லீற்றர் தண்ணிப் போத்தல் மொத்தம்" என்று எழுதினால் போதும்.

இரண்டாவது இடம். படத்திலேயே இடம் பதிந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சில கைத்தொலைபேசிகள் பதியும்தான். ஆனால் வட்ஸ்அப்பில் வழமையாக அனுப்பும் படத்தில் அந்தத் தகவல் நீங்கிவிடும். லொக்கேசன் அனுப்புகிறவர்களும் ஒரு தவறு விடுவதுண்டு. காணியில் கண்டதை வீட்டுக்கு வந்து ஆறுதலாக இருந்து அனுப்புவார்கள். அது வீட்டின் இடத்தைக் காட்டும். வெடி இரண்டு கிலோமீற்றர் தள்ளிக் கிடக்கும். எங்கே நின்று அனுப்புகிறீர்கள் என்பதையும், அங்கிருந்து எந்தப் பக்கம், எத்தனை அடி தூரம், பக்கத்தில் என்ன மரம் என்பதையும் எழுதினால் குழு நேரே வந்துவிடும்.

மூன்றாவது, படத்துக்கு முன்னும் பின்னும் நடந்தது. யாராவது தொட்டார்களா, தூக்கி வைத்தார்களா, அண்மையில் குப்பை கொளுத்தினார்களா என்பது எந்தப் படத்திலும் தெரியாது.

இன்னொரு முறை ஓர் அக்கா அனுப்பிய செய்தி இது:

"இண்டைக்குக் காலமை எட்டு மணி. வீட்டுக்குப் பின்னால மலசலகூடக் கிடங்கு வெட்டேக்க முழங்கால் ஆழத்தில வந்தது. ஒரு லீற்றர் தண்ணிப் போத்தல் மொத்தம். ஒரு பக்கம் கூர், மற்றப் பக்கம் செட்டை மாதிரி. மண்வெட்டி ஒருக்காத் தட்டுப்பட்டது, பிறகு ஒருத்தரும் தொடேல்லை. பிள்ளையள் தங்கச்சி வீட்டில. நான் றோட்டில நிண்டு லொக்கேசன் அனுப்புறன், வீடு றோட்டுக்கு வலப்பக்கம், நீலக் கேற்."

அவர் அனுப்பிய படம் மங்கல். மண்ணும் துருவும்தான் தெரிந்தன. ஆனாலும் நான் ஒரு கேள்வியும் கேட்கத் தேவைப்படவில்லை. கூரும் செட்டையும் என்றால் மோட்டார் ஷெல். போத்தல் மொத்தம் என்றால் 81 ஆக இருக்கலாம். முழங்கால் ஆழத்தில் கிடந்தது என்றால் சுடப்பட்டு, விழுந்து, வெடிக்காமல் புதைந்தது என்றே எடுக்க வேண்டும். அப்படியான ஷெல்லின் உருகி வெடிக்கத் தயாரான நிலையில் இருக்கலாம். அதில் மண்வெட்டியும் தட்டியிருக்கிறது. இந்த ஒரு வரிதான் அதை அன்றைய அவசர வேலையாக்கியது.

நான் எழுதிய முதற்பதில்: "கிடங்கை மூட வேண்டாம், தண்ணி ஊத்த வேண்டாம். வளவுக்குள்ள ஒருத்தரும் போக வேண்டாம், சாமான் எடுக்கவும் போக வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரையும் வெளியில வரச் சொல்லுங்கோ. 119க்கு எடுத்து இதே விபரத்தைச் சொல்லுங்கோ, கிராம அலுவலருக்கும் சொல்லுங்கோ. றோட்டிலயே நிண்டு வாறவைக்கு இடத்தைக் கையால காட்டுங்கோ, கூட்டிக்கொண்டு போகாதேங்கோ." நானும் அதே செய்தியை மேலே அனுப்பினேன். வந்தவர்கள் எதையும் திரும்ப விசாரிக்கவில்லை.

ஷெல்லா மிதிவெடியா என்பதைப் பொறுத்துப் பதில் முற்றாக மாறும். ஷெல் என்றால் அந்த இடத்தை விட்டு விலகச் சொல்லலாம். மிதிவெடி பெரும்பாலும் தனியே இருக்காது. காலுக்கடியிலேயே இன்னொன்று இருக்கலாம். அதனால் வட்டமான பிளாஸ்டிக் பொருளையோ சிறிய மரப்பெட்டியையோ கண்டால் படத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். அப்படியே நில்லுங்கள். வந்த காலடி தெளிவாகத் தெரிந்தால் அதிலேயே திரும்புங்கள். தெரியாவிட்டால் அசையாமல் நின்று அழைப்பு எடுங்கள்.

ஷெல் என்றாலும் படத்துக்காக ஓரடி கூடக் கிட்டப் போகக் கூடாது. நின்ற இடத்திலிருந்து எடுக்க முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டால் சொல் மட்டும் போதும். "நான் பார்த்தது இப்படி இருந்தது" என்று எழுதி வந்த செய்தியை வைத்தே குழுக்கள் போயிருக்கின்றன. விவரம் இல்லாத படத்தை வைத்துப் போக முடிந்ததில்லை.

இந்த வரிகளுக்கும் எல்லை உண்டு. படத்தையும் செய்தியையும் பார்த்து "அது பழசு, பயமில்லை" என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படி யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். துருப்பிடித்த வெடி பலம் குறைந்த வெடி அல்ல. தூரத்திலிருந்து சொல்லக்கூடியது, யார் விலக வேண்டும், யார் வர வேண்டும், எவ்வளவு கெதியாக வர வேண்டும் என்பது மட்டுமே.

முகநூலில் சுற்றும் படங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே ஷெல்லின் படம் மூன்று ஊர்ப் பெயர்களோடு எனக்கு வந்திருக்கிறது. முதலில் எடுத்தவர் திகதியும் ஊரும் எழுதாததால் வந்த குழப்பம் அது. பொருள் அகற்றப்பட்ட பின்னும் படம் சுற்றிக்கொண்டேயிருந்தது. நீங்கள் நேரில் காணாததை அனுப்பினால், "இது எனக்கு வந்த படம், நான் காணவில்லை" என்று எழுதுங்கள்.

அந்தத் தம்பியை ஒரு வருடம் கழித்துச் சந்தித்தேன். காணியைத் துப்புரவாக்கிக் கையளித்திருந்தார்கள், கச்சான் போட்டிருந்தான். "அண்டைக்கு நீங்கள் ஏன் அளவு கேட்டனீங்கள் எண்டு பிறகுதான் விளங்கினது அண்ணை" என்றான். நான் கேட்டிருக்கவே கூடாது என்பதை அவனிடம் சொன்னேன்.