தார்ச் சூடும் சாலைப் பணியாளர்களும்

சாலையில் பரப்பத் தயாராக வரும் தார்க்கலவை லாரியிலிருந்து இறங்கும்போது சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். பணியாளர்களை வாட்டும் தீக்காயம், புகை, வெக்கை மூன்றிலும் இந்தச் சூட்டுக்குப் பங்குண்டு.

இவற்றில் நொடியில் நேர்வது தீக்காயம். கொதிநீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். தார் தோலில் ஒட்டிக்கொண்டு தன் சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். உருக்கிய தாரை வாளியில் மொண்டு ஊற்றுபவரின் முன்கையில் அது தெறித்துவிட்டால், உடனே கையை ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும். மேலே இறுகிவிட்டது என்று நிறுத்திவிடாமல், 20 நிமிடமாவது தண்ணீர் விட வேண்டும். அதனால் தார் அடுப்புக்குப் பக்கத்திலேயே நிறையத் தண்ணீர் தயாராக இருப்பது அவசியம். ஒட்டிய தாரைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வந்துவிடும். மண்ணெண்ணெயோ டீசலோ போட்டுத் துடைக்கும் பழக்கம் இன்னும் மோசம், அது புண்ணை மேலும் எரித்துவிடும். மருத்துவமனை சேரும்வரை அந்தத் தார் காயத்துக்கு மூடியாகவே இருக்கட்டும். சமையல் எண்ணெய் போன்றவற்றால் இளக்கி எடுப்பதை மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கையையோ விரலையோ சுற்றி வளையமாக ஒட்டியிருந்தால் மட்டும் தாமதம் கூடாது. தார் ஆறும்போது சுருங்கி இரத்த ஓட்டத்தை நெரிக்கும். விரல் நுனி வெளுத்து மரத்துப்போவது அதன் அடையாளம்.

தெறிப்புக்குப் பெரும்பாலும் ஈரமே காரணம். சூடான தாரில் தண்ணீர் கலந்தால் அது ஆயிரம் மடங்குக்கும் மேல் ஆவியாக விரிந்து, தாரைப் பொங்கவைத்து வெளியே தள்ளும். மழையில் நனைந்த பீப்பாயையும் ஈர வாளியையும் முதலில் உலர்த்த வேண்டும். கையுறை சட்டைக் கைக்கு உள்ளேயும், பூட்ஸ் கால்சட்டைக்கு உள்ளேயும் இருந்தால் சிந்திய தார் உள்ளே இறங்காது. காலில் சாக்குத் துணி சுற்றுவது இதற்கு ஈடாகாது.

புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், இருமலைக் கிளப்பும். சாலைப் பணியில் தார்ப் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியதாக இருக்கலாம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் வகைப்படுத்தியது. முகத்தில் கட்டும் துண்டு இந்தப் புகையைத் தடுக்காது. கலவையின் சூட்டைக் குறைப்பதுதான் வேரிலேயே கைவைப்பது. சுமார் 10 டிகிரி குறைந்தாலே புகை ஏறக்குறைய பாதியாகும் என்பது துறையில் புழங்கும் கணக்கு. வழக்கத்தைவிட 20, 30 டிகிரி குறைவான சூட்டிலேயே பரப்பத்தக்க மிதவெப்பக் கலவைகளும் இப்போது உண்டு. கொப்பரையிலிருந்து நீலப் புகை கிளம்பினால் தார் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது என்று பொருள். வெப்பமானி ஒன்று இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

வெயிலோடு கலவையின் வெக்கையும் சேர்வதால் உச்சிப்பொழுதைத் தவிர்த்து அதிகாலையிலும் இரவிலும் பரப்புவது நல்லது. தாகம் எடுக்காவிட்டாலும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீரும், இடையிடையே நிழலில் ஓய்வும் வேண்டும். புதிதாக வந்தவரின் உடல் சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். முதல் நாளில் அவருக்கு வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கே போதும். பேச்சுக் குழறினாலோ தள்ளாடினாலோ அது வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே 108க்கு அழைக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.