ஏழு காய் கிடைத்த பிறகு

பல்லாங்குழிப் பலகையில் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து புளியங்கொட்டை போட்டால் மொத்தம் 70. ஒரு குழியை அள்ளி, வலப்புறமாகக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே சுற்ற வேண்டும். கையில் காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். அத்தோடு ஆட்டம் எதிராளிக்குப் போகும். இரண்டு குழிகள் சேர்ந்தாற்போல் காலியாக இருந்தால் ஒன்றும் கிடைக்காது.

இந்த விதிப்படி முதலில் ஆடும் குழந்தை எந்தக் குழியில் தொடங்கினாலும் ஏழு காய்தான் கிடைக்கும். எல்லாக் குழியிலும் சமமாக ஐந்து இருப்பதால் தொடங்கும் இடம் எதையும் மாற்றுவதில்லை. யோசனைக்கு வேலை இரண்டாவது குழந்தையிடம்தான் தொடங்குகிறது.

முதல் குழந்தை தன் இடக்கோடிக் குழியிலிருந்து ஆடியதாக வைத்துக்கொள்வோம். இப்போது எதிர்க் குழந்தையின் குழிகளில், அதன் இடமிருந்து, 7, 7, 7, 7, 0, 1, 7 இருக்கும். பெரும்பாலான சிறுவர்கள் நிறையக் காய் உள்ள குழியைத்தான் அள்ளுவார்கள். நான்காம் குழியின் ஏழை அள்ளினால் கடைசிக் காய் விழுந்த இடத்துக்கு அடுத்து இரண்டு வெறுங்குழிகள். கிடைப்பது பூஜ்யம். ஆறாம் குழியில் கிடக்கும் அந்த ஒற்றைக் காயை எடுத்தாலோ, அது ஓடி ஓடி எட்டுக் காயைக் கொண்டுவரும். வீட்டில் பலகையில் அடுக்கி, இரண்டையும் ஆடிப் பாருங்கள். அள்ளும் முன் விரலால் குழிகளைத் தொட்டு எண்ணிப் பார்க்கும் பழக்கம் இங்கேதான் பிறக்கிறது.

முதல் வகுப்புப் பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்குவது இரண்டு இடங்களில். ஒரே குழியில் இரண்டு காயை விடுவார்கள்; அல்லது அள்ளிய குழியிலேயே முதல் காயைப் போட்டுவிடுவார்கள். ஒரு காயும் தொலையாததால் மொத்தம் சரியாகவே இருக்கும். எண்ணிப் பார்த்தாலும் பிழை பிடிபடாது. போடும்போதே "ஒன்று, இரண்டு" என்று வாய்விட்டுச் சொல்லச் செய்தால் உடனே தெரியும். பலகை இல்லையென்றால் தரையில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டாலே போதும். ஆனால் குன்றிமணி வேண்டாம். அதன் பருப்பு கொடிய விஷம். கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கை பழகியதும் "பசு" விதியைச் சேர்க்கலாம். காய் விழுந்து ஒரு குழியில் நான்கு சேர்ந்தால், அந்தக் குழிக்காரர் அதை உடனே எடுத்துக்கொள்வார். அப்போது கண் ஒரு குழியில் நிற்காமல் தன் வரிசை முழுவதையும் மேய வேண்டியிருக்கும்; மூன்று காய் உள்ள குழிகள் தனியாகத் தெரியத் தொடங்கும்.

ஒரு சுற்று முடிந்ததும் அவரவர் காயைக் குழிக்கு ஐந்தாக நிரப்ப வேண்டும். தோற்றவரிடம் 27 இருந்தால் ஐந்து குழி நிரம்பி இரண்டு மிஞ்சும். மூன்றாம் வகுப்பின் வகுத்தலும் மீதியும் இதுதான். நிரப்ப முடியாத இரண்டு குழிகளை விட்டுவிட்டு அடுத்த சுற்றை ஆடுவார்கள். இப்போது குழிகள் குறைந்துவிட்டதால் போன சுற்றில் போட்ட கணக்கு உதவாது, புதிதாக எண்ணியாக வேண்டும்.