உங்களுக்குத் தெரியுமா? ஒரு நாட்டின் கட்சிகள் எங்கிருந்து வருகின்றன?

தொழிலாளர் கட்சி எந்த நாட்டில் இல்லை? தொழிற்சாலைகள் பெருகிய ஐரோப்பிய நாடுகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் முதலாளி-தொழிலாளி மோதலிலிருந்து ஒரு கட்சி எழுந்தது. அப்படியானால் ஒரு நாட்டின் அரசியல் இன்னொரு நாட்டினுடையதைப் போல ஏன் இல்லை? சீமூர் மார்ட்டின் லிப்செட், ஸ்டைன் ரொக்கான் என்ற இரு சமூகவியல் அறிஞர்கள் 1967இல் இதற்கு விடை சொன்னார்கள். வர்க்கம் நாடுகளை ஒன்றுபோல ஆக்குகிறது; அதற்கு முன்பே நடந்து முடிந்த மதச் சண்டைகளும் தலைநகருக்கும் தொலைதூரப் பகுதிகளுக்கும் இடையிலான சண்டைகளும்தான் அவற்றை வேறுபடுத்துகின்றன என்றார்கள். இதைத்தான் சமூகப் பிளவுக் கோட்பாடு என்கிறோம். ரொக்கான் பிறந்த நாடான நார்வேயையே எடுத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

*

நார்வே நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்தது. 1814இல் அந்த உறவு அறுந்த பிறகும் அதிகாரிகள் எழுதிய மொழி டேனிஷ்தான். பாதிரியார்களும் அரசின் அதிகாரிகளே. மேற்குக் கரையின் மலையிடுக்குகளில் வாழ்ந்த விவசாயிகள் வீட்டில் பேசியது வேறு. அந்தப் பேச்சு வழக்குகளை ஊர் ஊராகச் சென்று சேகரித்து, அவற்றிலிருந்து ஓர் எழுத்து மொழியை உருவாக்கினார் ஈவார் ஓசென். அவரும் ஒரு விவசாயியின் மகன்தான். 1885இல் நாடாளுமன்றம் அந்த மொழிக்கு மற்றதோடு சம அந்தஸ்து கொடுத்தது.

1884இல் நார்வேயின் முதல் இரண்டு கட்சிகள் அமைப்பாகத் திரண்டன. பழமைவாதக் கட்சியின் பக்கம் அதிகாரிகளும் நகரத்துச் செல்வர்களும் நின்றார்கள். தாராளவாதக் கட்சியின் பக்கம் விவசாயிகளும் நகரத்துச் சீர்திருத்தவாதிகளும் நின்றார்கள். பெரிய ஆலைத் தொழில் வேரூன்றும் முன்பே, ‘மையமா, விளிம்பா’ என்ற கேள்வி கட்சிகளைப் பிறப்பித்துவிட்டது.

*

மதச் சண்டை என்றால் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் மோதுவது என்றுதான் நினைக்கத் தோன்றும். நார்வேயில் கிட்டத்தட்ட எல்லோரும் லூத்தரன் சபையினர். ஆனாலும் பிளவு இருந்தது, அதே சபைக்குள்ளேயே.

ஹான்ஸ் நீல்சன் ஹவ்கே என்ற விவசாயியின் மகன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தார். ஊர்ப் பாதிரியாரின் அனுமதியின்றிப் பொதுமக்கள் கூடி ஜெபிப்பதை அப்போதைய சட்டம் தடுத்தது. அவரைப் பல ஆண்டுகள் சிறையில் வைத்தார்கள். அந்தச் சட்டம் 1842இல் நீக்கப்பட்டது. அதன் பிறகு மேற்கிலும் தெற்கிலும் தேவாலயத்தைச் சாராத ஜெப வீடுகள் எழுந்தன. அங்கே கூடியவர்களில் பலர் மதுவைத் தொடாதவர்கள், ஊர்மொழிக்காக வாதாடுபவர்கள். மொழி, ஜெபம், மதுவிலக்கு ஆகிய மூன்று இயக்கங்களும் ஒரே நிலப்பரப்பில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தன. ரொக்கான் கண்டெடுத்த மிக முக்கியமான விஷயம் இது என்பேன். தனித்தனியே பார்த்தால் சின்னச் சின்ன வேறுபாடுகள். ஒன்றாகச் சேரும்போது தலைமுறைகள் தாண்டி நிற்கும் அரசியல் அணி.

*

1919இல் நார்வே மக்கள் பொது வாக்கெடுப்பில் சாராய வகைகளைத் தடை செய்தார்கள். ஆதரவு சுமார் 62 சதவீதம். ஆனால் நார்வேயின் கருவாட்டை வாங்கிய ஸ்பெயினும் போர்ச்சுக்கலும், எங்கள் மதுவை வாங்காவிட்டால் உங்கள் மீன் எங்களுக்கு வேண்டாம் என்று நெருக்கின. கள்ளச் சரக்கும் பெருகியது. 1926இல் இன்னொரு வாக்கெடுப்பு நடந்து, தடை தோற்றது. அப்போதும் மேற்கும் தெற்கும் தடை நீடிக்கவே வாக்களித்தன.

*

தொழிலாளர் கட்சியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினர்களை அனுப்பியது தலைநகரின் ஆலைத் தொழிலாளர்கள் அல்லர். 1903இல் வடகோடியின் மீனவப் பகுதிகள் அவர்களைத் தேர்ந்தெடுத்தன. அவர்களில் ஆல்ஃப்ரெட் எரிக்சன் ஒரு பாதிரியார். அங்கே மீனவர் படகுக்கும் வலைக்கும் கடன் வாங்கியது வணிகரிடம். பிடித்த மீனை விற்றதும் அதே வணிகரிடம். வர்க்கப் போராட்டத்துக்கு அங்கே ஆலை தேவைப்படவில்லை.

மேற்கில் நிலைமை தலைகீழ். அங்கே ஆலைகள் இருந்தும் தொழிலாளர் கட்சி மற்ற இடங்களைப்போல வளரவில்லை. ஜெப வீட்டுக்குப் போகும் தொழிலாளியும் சிறு நில உரிமையாளரும் ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்கள். கூலியைவிட அந்த உறவுதான் பல குடும்பங்களின் வாக்கைத் தீர்மானித்தது. ஒருவரின் வருமானத்தை மட்டும் கேட்டு அவர் வாக்கை ஊகிப்பவர் வடக்கில் ஜெயிப்பார், மேற்கில் தோற்பார்.

*

பிளவு இருந்தால் மட்டும் போதாது, தேர்தல் விதியும் வழிவிட வேண்டும். 1918 தேர்தலில் தொழிலாளர் கட்சி ஏறத்தாழ 32 சதவீத வாக்குகள் பெற்றது. கிடைத்ததோ 126 இடங்களில் 18! அடுத்த தேர்தல் முதல் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வந்தது. வாக்குக்கு ஏற்ற இடம் என்றானதும் தாராளவாதிகளின் பழைய குடை பிரிந்தது. 1920இல் விவசாயிகள் தனிக் கட்சி கண்டார்கள். 1933இல் மேற்கிலுள்ள ஹோர்டலாந்தில் கிறிஸ்தவ மக்கள் கட்சி பிறந்து, அந்த ஆண்டே ஓர் இடத்தை வென்றது.

1960களின் கட்சிகள் பெரும்பாலும் 1920களின் பிளவுகளையே காட்டுகின்றன, அவை உறைந்துவிட்டன என்று லிப்செட்டும் ரொக்கானும் சொன்னதற்கு இதுவே பின்னணி. அனைவருக்கும் வாக்குரிமை வந்தபோதே எல்லாத் தரப்பையும் யாரோ ஒருவர் அமைப்பாகத் திரட்டி முடித்திருந்தார். புதிதாக வருபவருக்கு ஆள் மிஞ்சவில்லை.

*

எந்த வேறுபாட்டையும் பிளவு என்று சொல்லிவிடலாமா? கூடாது. பார்த்தொலினி, மெய்ர் என்ற ஆய்வாளர்கள் 1990இல் மூன்று நிபந்தனைகளை வைத்தார்கள். மக்களிடையே உண்மையான சமூக வேறுபாடு இருக்க வேண்டும். ‘நாம் இந்தப் பக்கத்தார்’ என்ற உணர்வு இருக்க வேண்டும். அந்த உணர்வைத் தாங்கும் சங்கமோ சபையோ கட்சியோ இருக்க வேண்டும். மேற்கு நார்வேக்காரர்களிடம் மூன்றும் இருந்தன. ஒரு தேர்தலில் திடீரென எழுந்து அடுத்ததில் மறையும் கோபத்தில் பெரும்பாலும் மூன்றாவது இருக்காது. அதைப் பிளவு என்று எண்ணிக் கணக்குப் போட்டவர்கள் அடுத்த தேர்தலில் ஏமாறுவார்கள்.

*

உறைந்தது கரையாது என்பதல்ல. ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேரலாமா என்று 1972இல் நார்வே வாக்களித்தது. தொழிலாளர் கட்சித் தலைமையும் பழமைவாதிகளும் சேரலாம் என்றார்கள். விவசாயிகளும் வடக்கு மீனவர்களும் மேற்கின் ஜெப வீட்டாரும் வேண்டாம் என்றார்கள். 53.5 சதவீதம் பேர் மறுத்தார்கள். தாராளவாதக் கட்சி இரண்டாக உடைந்தது. மறுஆண்டுத் தேர்தலில் தொழிலாளர் கட்சியின் வாக்கு 46லிருந்து 35 சதவீதமாகச் சரிந்தது. 1994இல் ஐரோப்பிய ஒன்றியம் பற்றி மறுபடி கேட்டபோதும் மறுப்பே வென்றது. ஆஸ்லோவில் மூன்றில் இரண்டு பங்கினர் ‘ஆம்’ என்றார்கள். வடகோடி ஃபின்மார்க்கில் நால்வரில் ஏறக்குறைய மூவர் ‘இல்லை’ என்றார்கள். 19ஆம் நூற்றாண்டின் மைய-விளிம்புக் கோடு மீண்டும் தெரிந்தது.

*

1972இன் அந்த மறுப்பு அணியிலிருந்த இடதுசாரிகள் அடுத்த ஆண்டு கூட்டாகத் தேர்தலில் நின்று, 1975இல் சோஷலிச இடது கட்சி ஆனார்கள். அதன் தலைவராகப் பத்தாண்டுகள் இருந்தவர் எரிக் சொல்ஹைம். இலங்கை அமைதிப் பேச்சுவார்த்தையின்போது நாம் நாளிதழ்களில் அடிக்கடி படித்த அதே சொல்ஹைம்தான்.